குளிர் இரவில் தொட்டிச் செடிகள்: எதை நகர்த்துவது, எதை மூடுவது, எத்தனை மணிக்கு

முதல் குளிர்காலத்தில் என் செம்பருத்தியைப் பாலித்தீன் தாளில் பொட்டலம்போலச் சுற்றி, தண்டோடு சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ராத்திரி எட்டு மணிக்குக் கட்டியது. காற்று கொஞ்சமும் உள்ளே போகாது என்று எனக்கு ஒரே திருப்தி. காலையில் பிரித்தால், தாளில் ஒட்டியிருந்த இலைகள் எல்லாம் கொதிநீரில் முக்கி எடுத்தவைபோலக் கறுத்துத் தொங்கின. பக்கத்திலேயே ஒன்றும் போர்த்தாமல், சுவரோரம் மறந்து விட்டிருந்த இன்னொரு செம்பருத்திக்கு நுனி இலைகள் இரண்டைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

நான் செய்த தவறு மூன்று. தாள் இலையைத் தொட்டது. கட்டும்போதே மண் ஆறிப்போயிருந்தது. கயிற்றைத் தண்டில் கட்டியதால், தொட்டியிலும் தரையிலும் மிச்சமிருந்த கொஞ்ச வெப்பமும் செடியை எட்டவில்லை. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைத் தக்கவைக்கத்தான் செய்கிறது. பகலில் மண்ணிலும் தரையிலும் சுவரிலும் சேர்ந்த வெப்பத்தை விடியும் வரை செடியைச் சுற்றி நிறுத்திவைப்பதுதான் இந்த வேலை முழுவதும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

மலைப்பகுதிக்கோ குளிர் அதிகமான ஊருக்கோ புதிதாகக் குடிபோய், கூடவே தொட்டிகளையும் கொண்டுபோனவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தரையில் நட்ட செடிக்கும் தொட்டிச் செடிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தரையில் வேரைச் சுற்றி இருக்கும் மண் ஓர் இரவில் ஆறிவிடாது. தொட்டியிலோ நாலு பக்கமும் குளிர்காற்று. ஒரு சாண் அகலத் தொட்டி நள்ளிரவுக்குள் வெளிக்காற்றின் குளிருக்கு வந்துவிடும். அதனால் இலையை மட்டும் மூடினால் போதாது, தொட்டியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

1. முதலில் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும்

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் துணி வாங்காதீர்கள், வெப்பமானி வாங்குங்கள். இரவின் மிகக் குறைந்த அளவையும் பகலின் மிக அதிக அளவையும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். விடியற்காலையில் எழுந்து பார்க்க வேண்டியதில்லை. காலையில் பார்த்துக் குறித்துவிட்டு, பொத்தானை அழுத்தி அடுத்த இரவுக்குத் தயார் செய்துவிடலாம்.

அதைச் சுவரில் கண் உயரத்தில் மாட்டாதீர்கள். தொட்டிகள் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ அந்த உயரத்தில், மேலே கூரை இல்லாத இடத்தில் வையுங்கள். வானிலை அறிவிப்பில் சொல்லும் அளவு தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், கூண்டு மறைப்புக்குள் எடுக்கப்படுவது. தெளிவான, காற்றில்லாத இரவில் தரையோரம் அதைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைந்துபோகும். அறிவிப்பில் 4 டிகிரி என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி, காலையில் இலைமேல் வெள்ளையாக உறைபனி படிந்திருப்பதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அறிவிப்பில் தப்பில்லை, அது அளந்த இடம் வேறு.

நோட்டில் நாலே விஷயம் எழுதினால் போதும்: தேதி, அறிவிப்பில் சொன்ன குறைந்த அளவு, உங்கள் வெப்பமானி காட்டியது, வானம் எப்படி இருந்தது. பத்துப் பதினைந்து நாளில் உங்கள் இடத்தின் வித்தியாசம் பிடிபட்டுவிடும். என் முற்றத்தில் தெளிவான இரவுகளில் அறிவிப்பைவிட மூன்று டிகிரி குறைவு. மேகம் இருந்தால் அநேகமாக இரண்டும் ஒன்று. இந்த ஒரு கணக்குத் தெரிந்த பிறகுதான் தினமும் ராத்திரி போர்வையோடு ஓடுவதை நிறுத்தினேன்.

வெப்பமானியைச் சில இரவுகள் இடம் மாற்றியும் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்தை நோக்கி வழியும். சரிவில் இருக்கும் வீட்டில், கீழ்ப்பக்கம் ஒரு மதில் இருந்தால் அந்தக் காற்று மதிலுக்கு மேல்பக்கம் குளம்போலத் தேங்கி நிற்கும். மதில் ஓரம் பாதுகாப்பு என்று நினைத்து அங்கே தொட்டிகளை அடுக்குவது பலரும் செய்யும் பிழை. ஒரே முற்றத்தில் பத்தடி இடைவெளியில் இரண்டு டிகிரி மாறியதை நானே பார்த்திருக்கிறேன்.

2. ஆபத்தான இரவை மாலையிலேயே அடையாளம் காணுங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்து மேலே பாருங்கள். வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கிறதா? இலை அசையவில்லையா? காற்றில் ஈரமில்லாமல் வறட்சியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அன்று இரவு வேலை இருக்கிறது. மேகம் ஒரு கூரைபோல இருந்து, தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அது இல்லாத இரவில் தரையும் இலையும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கே கொடுத்துவிடுகின்றன. இலை மெல்லியது, அதில் சேமிப்பு ஒன்றும் கிடையாது. அதனால் சுற்றியிருக்கும் காற்றைவிட இலை இன்னும் குளிர்ந்துபோகிறது.

இதற்கு நேர்மாறாக, குளிர்ந்த காற்று பலமாக வீசும் இரவு ஒன்று உண்டு. அன்று போர்வை அதிகம் உதவாது. காற்று உள்ளே புகுந்து, சேர்த்துவைத்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், துணியும் பறக்கும். அன்று முடிந்ததை எல்லாம் நகர்த்துங்கள். நகர்த்த முடியாததைச் சுவரின் மறைவில் காற்றுப்படாத பக்கம் தள்ளுங்கள்.

இன்னொன்று. இரவின் உச்சக் குளிர் நள்ளிரவில் வருவதில்லை. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. பதினோரு மணிக்கு வெளியே போய், "அவ்வளவு குளிர் இல்லையே" என்று போர்வையை எடுத்துவிட்டு வந்தால், பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழும்.

3. தொட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் காப்பாற்ற முயன்றால் எதையும் ஒழுங்காகக் காப்பாற்ற முடியாது. குளிர் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்.

உள்ளே வரவேண்டியவை: துளசி, மணி பிளாண்ட், கறிவேப்பிலை, அடினியம், மிளகாய். இவற்றுக்கு உறைபனியே தேவையில்லை. தொடர்ந்து சில இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபடும். துளசி இலை கறுத்துச் சுருங்கும், கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டும். இந்த அடி மறுநாள் காலையில் தெரியாமல் நாலைந்து நாள் கழித்துத் தெரிவதுதான் தொந்தரவு. அதற்குள் உரம் குறைவோ பூச்சியோ என்று தேடத் தொடங்கிவிடுவோம்.

மூடினால் போதுமானவை: செம்பருத்தி, மல்லிகை, எலுமிச்சை, காகிதப்பூ. இவை குளிரில் வளர்வதை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். உறைநிலையை நெருங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. நாலிலும் செம்பருத்திதான் மென்மையானது. அது சின்னத் தொட்டியில் இருந்தால் முதல் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

அப்படியே விடலாம்: ரோஜா, செவ்வந்தி, புதினா, கொத்தமல்லி. லேசான உறைபனியை இவை தாங்கும். புதினா மேலே வாடினாலும் வேரிலிருந்து திரும்ப வரும்.

ஒரு செடி எந்தக் கூட்டம் என்று தெரியாவிட்டால் அதன் இலையையும் தண்டையும் தொட்டுப் பாருங்கள். தண்டு சதைப்பற்றாக, இலை பெரிதாக மென்மையாக இருந்தால் உள்ளே கொண்டுவருவது நல்லது. அதே செடியிலும் புதுத் தளிர்தான் முதலில் போகும். அதனால் குளிர் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் போட்ட உரத்தால் கொழுகொழுவென்று வந்த தளிர்களை எல்லாம் ஒருமுறை ஒரே இரவில் இழந்திருக்கிறேன்.

4. நகர்த்துவது: எங்கே, எப்படி

உள்ளே என்றால் வீட்டின் நடுவறையில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. சன்சேடுக்குக் கீழே, தாழ்வாரத்தில், படிக்கட்டின் அடியில் வைத்தாலே பாதி பிரச்சினை தீரும். தலைக்கு மேலே ஒரு கூரை இருந்தால் இலையின் வெப்பம் வானத்துக்குப் போகாது. மரத்தடிகூட ஓரளவு உதவும். பிற்பகல் வெயில் விழுந்த சுவர் இருந்தால் அதை ஒட்டி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தால் எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

தொங்கவிட்ட தொட்டிகளையும் கம்பித் தாங்கியில் இருப்பவற்றையும் கீழே இறக்குங்கள். அவற்றைச் சுற்றிக் காற்று ஆறு பக்கமும் ஓடுகிறது. எல்லாவற்றையும் தரையில் நெருக்கமாக, தொட்டியோடு தொட்டி ஒட்டி அடுக்குங்கள். பெரியவை வெளிவட்டத்தில், சின்னவை நடுவில். மண் நிறையச் சேர்ந்தால் மொத்தமாக ஆற நேரம் ஆகும்.

வீட்டுக்குள் கொண்டுவருவதாக இருந்தால் இரண்டு விஷயம். முதலாவது, பூச்சி. இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல இருந்தால் மாவுப்பூச்சி. மெல்லிய வலை பின்னி இலை புள்ளி புள்ளியாக வெளிறியிருந்தால் சிவப்புச் சிலந்தி. வீட்டின் வறண்ட காற்றில் சிலந்தி மளமளவென்று பெருகி எல்லாத் தொட்டிக்கும் பரவும். உள்ளே வருமுன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒருநாள் காயவைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தொட்டியின் அடித்துளையையும் மறக்காதீர்கள். எறும்புக் கூட்டத்தோடு ஒரு தொட்டியைப் படுக்கையறையில் வைத்த அனுபவம் எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுகிறது.

இரண்டாவது, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளியே 8 டிகிரியில் நின்ற செடியைச் சட்டென்று சூடான, இருட்டான அறைக்குள் கொண்டுவந்தால் இலையைக் கொட்டிவிடும். வெளிச்சம் வரும் ஜன்னலோரமாக, சூடேற்றாத அறை போதும். ராத்திரியில் மட்டும் இலை ஜன்னல் கண்ணாடியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கண்ணாடியும் வெளிக்குளிரால் நன்றாகக் குளிர்ந்துவிடும்.

தினமும் தூக்கிச் சுமப்பது முதுகுக்கு ஆகாது. இரவும் பகலுமாக வாரக்கணக்கில் குளிர் நீடிக்கும் இடம் என்றால், ஒரேயடியாக உள்ளே வைத்துவிட்டு வெயில் காலம் வந்ததும் வெளியே எடுங்கள். எப்போதாவது நாலைந்து இரவு மட்டும் கடுமை என்றால், சக்கரம் வைத்த பலகையில் தொட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வரலாம். என் மனைவி, "தினம் சாயங்காலம் மாடு பிடிச்சுக் கட்டற மாதிரி இருக்கு" என்பாள். அப்படித்தான் இருக்கும்.

5. தண்ணீர்: காலையில், மண்ணுக்கு மட்டும்

காய்ந்த மண்ணில் காற்று இடைவெளிதான் அதிகம். அதில் வெப்பம் சேராது. ஈரமண் பகலில் அதிக வெப்பத்தை வாங்கி, இரவில் மெதுவாக விடும். அதனால் ஆபத்தான இரவு வரப்போகிறது என்றால் அன்று காலை பத்து, பதினொரு மணிவாக்கில், வெளியே இருக்கப்போகும் தொட்டிகளுக்கு அளவாகத் தண்ணீர் விடுங்கள். வெயிலில் அது சூடேற நேரம் கிடைக்கும்.

சாயங்காலம் ஊற்றாதீர்கள். இலைமேல் தெளிக்கவே தெளிக்காதீர்கள். உறைபனிக்குத் தோட்டங்களில் தண்ணீர் தெளிப்பார்களே என்று கேட்கலாம். அது விடியும் வரை நிறுத்தாமல், பனிக்கட்டி உருகும் வரை தெளித்துக்கொண்டே இருக்கும் முறை. தண்ணீர் உறையும்போது வெளிவரும் வெப்பம்தான் அங்கே செடியைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால், தெளிக்காமல் இருந்ததைவிட மோசமாகும். தொட்டிக்கு அது சரிப்படாது.

அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்து, நீர் கோத்து நிற்கும் மண்ணில் வேர் அழுகும். காலையில் தண்ணீர் விடும் விதிக்கு அடினியம் முழு விலக்கு: குளிர்காலத்தில் அதன் மண் காய்ந்தே இருக்கட்டும்.

6. மூடுவது

என்ன துணி? பழைய படுக்கை விரிப்பு, மெல்லிய கம்பளி, சாக்கு எதுவானாலும் சரி. புதிதாக வாங்குவதாக இருந்தால், துணிப்பைகள் செய்வார்களே, நெய்யாமல் அழுத்திச் செய்த வெள்ளைத் துணி, அதுதான் ஏற்றது. சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிராம் எடை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எடை குறைவு, வெளிச்சம் ஓரளவு உள்ளே போகும், காற்றும் கொஞ்சம் போகும். ஒன்றிரண்டு நாள் எடுக்காமல் விட்டாலும் செடி மூச்சுத் திணறாது. ஒரு பழைய விரிப்பும் இந்தத் துணியும் சாதாரணமாக 2, 3 டிகிரி தாங்கும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நோட்டின்படி தொட்டி உயரத்தில் மைனஸ் 4க்குப் போகும் இடம் என்றால் செம்பருத்தியைத் துணி காப்பாற்றாது, நகர்த்தத்தான் வேண்டும்.

துணியை நேராகச் செடிமேல் போடாதீர்கள். தொட்டியின் ஓரத்தில், செடியைவிட ஒரு சாண் உயரமாக மூன்று, நாலு குச்சி நடுங்கள். அதன்மேல் துணி போர்த்தினால் இலையைத் தொடாமல் ஒரு கூடாரமாக நிற்கும். துணி பட்ட இடத்தில் இலையின் வெப்பம் துணிக்கு நேராகப் போய்விடும். பனியில் நனைந்த துணி அப்படியே உறைந்தால் இலையும் சேர்ந்து உறையும். கனமான கம்பளியாக இருந்தால் கிளையையும் முறிக்கும்.

ஓரங்கள் தரை வரை வரவேண்டும். இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். துணி தொட்டியின் விளிம்போடு நின்றாலோ, தண்டைச் சுற்றிக் கட்டப்பட்டாலோ, தரையிலிருந்து எழும் வெப்பம் துணிக்கு வெளியே வீணாகப் போகும். துணியைத் தரை வரை இறக்கி, ஒரு கை அகலம் தரையில் பரப்பி, செங்கல்லோ கல்லோ சுற்றிலும் வைத்து அமுக்குங்கள். முடிந்ததும் குனிந்து சுற்றிலும் பாருங்கள், எங்கேயாவது இடைவெளி தெரிகிறதா என்று. நாலைந்து தொட்டிகளை ஒன்றாக அடுக்கி ஒரே கூடாரமாகப் போர்த்துவது, தனித்தனியாகப் போர்த்துவதைவிட நல்லது. துணியும் குறைவாகச் செலவாகும்.

பாலித்தீன் பயன்படுத்தவே கூடாதா? துணிக்கு மேலே இரண்டாவது அடுக்காகப் போடலாம். துணி நனையாமல் இருக்கும், காற்றும் தடைபடும். இலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். வெயில் பட்ட அரைமணியில் பாலித்தீனுக்குள் சூடு ஏறி, குளிருக்குத் தப்பிய செடி சூட்டில் வதங்கிவிடும்.

தொட்டிக்கும் ஒரு சட்டை வேண்டும். சாக்கையோ குமிழி பிளாஸ்டிக்கையோ தொட்டியைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். இங்கே பாலித்தீன் வகை பரவாயில்லை, இலை படப்போவதில்லை. அடித்துளையை மட்டும் அடைக்காதீர்கள். மேல்மண்ணில் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த இலைச் சருகு பரப்பலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடர்ந்து குளிர் இருக்கும் இடத்தில் வேருக்கு அது நல்லது. ஆனால் ஓர் இரவுக் குளிருக்காகப் போர்த்தும்போது சருகை ஒதுக்கிவிடுவேன். பகலில் மண்ணுக்கு வெயில் வராமலும், இரவில் மண்ணின் வெப்பம் மேலே வராமலும் அது தடுக்கிறது.

கூடாரத்துக்குள் வெந்நீர் வாளி வைப்பது உதவுமா? ஒரு சின்னக் கணக்கு. பத்து லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறும்போது ஏறக்குறைய 116 வாட்-மணி வெப்பம் வெளியாகும். பத்து மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஒரு 12 வாட் பல்பின் சூடு. தரை வரை மூடிய சின்னக் கூடாரத்துக்குள் இது ஒரு டிகிரி வித்தியாசம் தரலாம், ஓட்டைப் போர்வைக்குள் ஒன்றும் தராது. பகலெல்லாம் வெயிலில் வைத்த கறுப்புக் கேன்களில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைப்பது சிரமமில்லாத வழி. பல்பு எரியவிடலாமா என்றால், எல்இடி பல்பில் சூடு மிகக் குறைவு. பழைய குண்டு பல்பில் சூடு உண்டு, ஆனால் காய்ந்த துணிக்குள் அதை இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்க எனக்குத் துணிவில்லை. மெழுகுவர்த்தியும் விளக்கும் வேண்டவே வேண்டாம்.

7. ஓர் இரவு, மணிக்கணக்கில்

போன குளிரில் நான் குறித்துவைத்த ஒரு பக்கத்தை அப்படியே விவரிக்கிறேன். மொத்தம் 17 தொட்டிகள். அறிவிப்பு 5 டிகிரி. வானம் தெளிவு, காற்றில்லை. என் கணக்குப்படி மூன்றைக் கழித்தால் முற்றத்தில் 2.

காலை 10:30க்குச் செம்பருத்தி, எலுமிச்சை, மல்லிகை இரண்டு, காகிதப்பூ ஆக ஐந்துக்கும் தண்ணீர் விட்டேன். எலுமிச்சை பெரிய டிரம்மில் இருக்கிறது, இரண்டு பேர் பிடித்தாலும் நகராது. மற்ற நான்கையும் அதைச் சுற்றி ஒட்டி வைத்தேன். அந்த ஐந்துதான் கூடாரம். துளசி இரண்டு, மணி பிளாண்ட் இரண்டு, கறிவேப்பிலை, அடினியம், மிளகாய் ஆக ஏழும் மூன்று மணிக்கே ஜன்னலறைக்குப் போய்விட்டன. ரோஜா இரண்டு, செவ்வந்தி, புதினா, கொத்தமல்லி இருந்த இடத்திலேயே நின்றன.

நாலரைக்குப் போர்த்தத் தொடங்கினேன். தரையில் இன்னும் வெயிலின் சூடு இருந்தது. அந்த நேரம்தான் முக்கியம்: வெயில் செடியைவிட்டு நகர்ந்ததும் போர்த்திவிட வேண்டும், இருட்டிய பிறகு போர்த்துவது ஆறிப்போன பாத்திரத்துக்கு மூடி போடுவதுதான். ஆறு குச்சி, ஒரு இரட்டை விரிப்பு, அதன்மேல் வெள்ளைத் துணி, சுற்றிலும் ஒன்பது செங்கல். முப்பது நிமிடம் ஆனது. உள்ளே ஒரு வெப்பமானியும் வெளியே ஒன்றும் வைத்தேன். ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய் ஓரங்களைப் பார்த்தபோது ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. பூனை வேலை. இன்னொரு கல் வைத்தேன்.

காலையில் வெளியே இருந்த வெப்பமானியில் குறைந்த அளவு 1.5. கூடாரத்துக்குள் 4. ஜன்னலறையில் 13. புதினாவின் மேல் இலைகளில் வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. ஒன்பது மணிக்குள் அது கரைந்து பழையபடி நிமிர்ந்துவிட்டது. காற்று 1.5 டிகிரியில் இருக்கும்போதே இலைமேல் உறைபனி வந்ததைக் கவனியுங்கள். இலை காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் என்று மேலே சொன்னதற்கு அதுவே சாட்சி.

எட்டே முக்காலுக்கு, வெளிவெப்பமானி 7ஐத் தாண்டிய பிறகு, கூடாரத்தைப் பிரித்தேன். அதற்கு முன்னால் பிரிக்க அவசரம் இல்லை. ஆனால் பகல் முழுக்க மூடியே விடுவதும் தவறு. மண்ணுக்கு வெயில் படாவிட்டால் அடுத்த இரவுக்குச் சேமிப்பு இருக்காது. நனைந்த துணியைக் கொடியில் காயப்போட மறந்துவிடாதீர்கள். ஈரத்துணியால் பாதி வேலைகூட நடக்காது.

8. அடிபட்டுவிட்டால்

உறைபனி பட்ட இலை முதலில் எண்ணெய்க் காகிதம்போலக் கண்ணாடித் தன்மையாகத் தெரியும். பிறகு கறுக்கும், இரண்டு மூன்று நாளில் சருகாகும். அதைப் பார்த்ததும் கத்தரியை எடுக்காதீர்கள். கருகிய நுனி அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த குளிருக்கு அதுவே கீழ்க்கிளைக்குக் கொஞ்சம் மறைப்பு. இப்போதே வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே தளிர் கிளம்பி, அதுவும் கருகும். உரமும் வேண்டாம்.

ஒரு செடி காலையில் வாடி நிற்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். தொட்டியைப் பகல் வெயிலில் நகர்த்திவைத்தால் மதியத்துக்குள் நிமிரும்.

குளிர் முழுதாகப் போன பிறகு நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். உள்ளே இருந்தவற்றை நேராக வெயிலில் வைக்காமல் முதல் இரண்டு நாள் நிழல், பிறகு காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்கி வெளியே கொண்டுவாருங்கள். வீட்டு வெளிச்சத்தில் வளர்ந்த இலை வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும்.

பாலித்தீனில் நான் பொட்டலம் கட்டிய அந்தச் செம்பருத்தியைத் தூக்கிப்போட இருந்தேன். குளிர் போனதும் கீறிக்கொண்டே கீழே வந்ததில், மண்ணிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் பச்சை தெரிந்தது. அங்கே வெட்டினேன். ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை, ஆறாவது வாரம் மூன்று கணுவில் தளிர் வந்தது.